நோவது எந்தக் கை?

கேள்வி: நான் ஒரு கடையில் ஆறு வருடமாகச் சமைக்கிறேன். ஏழு மாதமாக மணிக்கட்டில் நோ. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்கிறார்கள். இது வேலையால் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊசி போடலாம் என்று சொல்கிறார்கள். போடலாமா?

உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். நான் வன்னியில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். இந்தக் கதையில் பிழை விட்டவர்களில் நானும் ஒருத்தி.

மாங்குளத்தில், ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கு வீதி பிரியும் சந்திக்கு அருகில் ஒரு சாப்பாட்டுக் கடை. யாழ்ப்பாண பஸ்ஸும் வவுனியா பஸ்ஸும் நின்று போகும் இடம். காலையில் இடியப்பமும் பிட்டும் சொதியும் சம்பலும், மத்தியானம் சோறு, பின்னேரம் கொத்துரொட்டி. அங்கே சமைக்கும் அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒட்டுசுட்டான் பக்கத்தவர். விடிய மூன்றரைக்கு அடுப்பு மூட்டுவார், மத்தியானச் சோறு முடிய வீட்டுக்குப் போவார். பதினோராவது வருடம் அது.

கார்த்திகை தொடக்கத்தில் மணிக்கட்டு நோகத் தொடங்கியது. முதலில் துணி பிழியும்போது மட்டும். பிறகு கேத்தலைத் தூக்கும்போது. மார்கழியில் சட்டைப் பொத்தான் போடுவதே பாடாகிவிட்டது. சிக்குன்குனியாவின் மிச்சமாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மூட்டு நோ மாதக்கணக்கில் கிடப்பது உண்மைதான். ஆனால் அக்காவுக்குக் காய்ச்சலே வரவில்லை. நோவும் ஒரே ஒரு மணிக்கட்டில்தான் இருந்தது. நோமாத்திரை கொடுத்தார்கள். விழுங்கினால் அன்று வேலை செய்யலாம், அவ்வளவுதான்.

தைப்பொங்கல் கழிய ஒரு முறிவு நெரிவு வைத்தியரிடம் போனார். அவர் எண்ணெய் போட்டு, பெருவிரலையும் சேர்த்து உள்ளங்கை வரை துணியால் இறுக்கிக் கட்டி, பத்து நாள் அவிழ்க்கவேண்டாம் என்றார். நோ பாதியாகக் குறைந்தது. கட்டை அவிழ்த்து ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. “எண்ணெய் நல்லது பிள்ளை, ஆனால் நிற்கவில்லை” என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். எண்ணெய்க்குப் போன அந்தப் புகழ் கட்டுக்குப் போயிருக்கவேண்டும். பெருவிரல் பத்து நாள் அசையவில்லை. அது எவ்வளவு பெரிய தடயம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மாசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், சரவாங்கிக்கும் சீனிக்கும் இரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரி. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், எலும்பின் மேல் ஓடும் தசைநாணையோ அதன் உறையையோ காட்டாது. ஆகவே ‘ஒன்றும் இல்லை’ என்ற முடிவை ‘எலும்பில் ஒன்றும் இல்லை’ என்று வாசித்துக்கொள்ளுங்கள். உங்களுடையதும் அப்படித்தான்.

பங்குனியில் ஒரு துண்டுடன் என்னிடம் அனுப்பினார்கள். ‘மணிக்கட்டு நோ, சமையல் வேலை’ என்று எழுதியிருந்தது. நான் பார்த்தேன். பெருவிரல் பக்கத்தில், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு எலும்பு மேடு இருக்கிறதல்லவா, அதற்கு மேல் சற்றே வீக்கம். அழுத்தினால் கையை இழுத்துக்கொண்டார். பெருவிரலை நான் பிடித்துச் சின்னவிரல் பக்கமாக மெதுவாக இழுத்தபோது முகம் சுளித்தார். ஃபிங்கெல்ஸ்டைன் என்பவர் 1930 இல் விவரித்த சோதனை இது. நோய்க்குப் பெயர் டி கெர்வெய்ன். சுவிஸ் நாட்டு அறுவை மருத்துவர் ஒருவர் 1895 இல் எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்த அளவில் நான் சரி.

காரணத்தில்தான் சறுக்கினேன். அக்காவின் மகள் பிள்ளை பெற்று, வவுனியாவிலிருந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தையின் கைக்குழிக்குள் பெருவிரலை விரித்துக் கொடுத்துத் தூக்குகிறவர்களுக்கு இந்த நோய் வரும் என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளது. அந்தப் பேரப்பிள்ளையைக் கேட்டவுடன் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. “குழந்தையைத் தூக்கவேண்டாம் அக்கா” என்று சொல்லி, ஒரு பட்டியும் செய்து கொடுத்து அனுப்பினேன். குழந்தை வந்தது மாசியில், நோ தொடங்கியது கார்த்திகையில். அந்தக் கணக்கை நான் போடவில்லை. சித்திரையில் மகள் குழந்தையோடு திரும்பிப் போனாள். நோ போகவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது எல்லோரும் நினைப்பதையே நானும் நினைத்தேன்: இடியப்ப உரல். பிழிந்து பிழிந்து கை போயிருக்கும். முதலாளியும் அதையே சொன்னாராம். கிளறுவதும் அகப்பை தூக்குவதும் அடுத்த சந்தேகம். இடியப்பம் பிழிய இன்னொரு பிள்ளையை விட்டார்கள். மூன்று வாரம் போயும் கேத்தலைத் தூக்க முடியவில்லை.

மூன்றாம் முறை, வைகாசியில், என் குறிப்பைப் புரட்டியபோதுதான் நானே எழுதிய ஓர் எழுத்து கண்ணில் பட்டது. ‘இ’. இடது. அக்கா வலக்கைக்காரி. கிளறுவது வலக்கை, அகப்பை வலக்கை, வெட்டுவது வலக்கை. இடியப்ப உரலுக்கு இரண்டு கையும். வேலைதான் காரணம் என்றால் வலது மணிக்கட்டல்லவா முதலில் போயிருக்கவேண்டும்? அதில் நோவின் அடையாளமே இல்லை.

“இடக்கை என்ன வேலை செய்கிறது அக்கா?” என்று கேட்டேன்.

“இடக்கை என்ன செய்யும் பிள்ளை, பிடித்துக்கொண்டிருக்கும்.”

எதை என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பதினொரு வருடம் செய்த வேலையை வாயால் சொல்லச் சொன்னால் யாருக்கும் வராது. கதிரையைத் தள்ளிவிட்டு, வெறுங்கையால் ஒரு காலையைச் செய்து காட்டச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு அடுப்பு மூட்டினார், அரிசி களைந்தார், மாவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றினார், நீத்துப்பெட்டிக்கு மாவைக் கொட்டினார். இடக்கை சும்மா கூட வந்தது. அடுத்து மேசை விளிம்புக்கு நேரே நின்று வலக்கையால் காற்றில் ஒரு பிடியைச் சுற்றத் தொடங்கினார். இடக்கை தானாக நெஞ்சளவுக்கு எழும்பி, பெருவிரல் அகல விரிந்து, இல்லாத ஒரு பாதித் தேங்காயை மூடிப் பிடித்தது. மணிக்கட்டு சின்னவிரல் பக்கமாக முறிந்து நின்றது. மூன்றாவது சுற்றில் “ஆ” என்று கையை உதறினார். தேங்காய் இல்லை, திருவலை இல்லை, ஆனாலும் நொந்தது.

மேசையில் பூட்டி, கைபிடியைச் சுற்றித் திருவும் அந்தத் திருவலையை உங்களுக்குத் தெரியும். சுற்றும் கையைத்தான் எல்லோரும் பார்ப்போம். உண்மையில் பாரம் மற்றக் கையில். தேங்காய்ப் பாதியைப் பூ வடிவான அலகின் மேல் அழுத்தவேண்டும், வழுக்காமல் பிடிக்கவேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டும் இருக்கவேண்டும். அவ்வளவையும் விரித்த பெருவிரல்தான் செய்கிறது.

“எத்தனை தேங்காய்?” என்றேன். சாதாரண நாளில் முப்பது, சனி ஞாயிறில் கூட. முப்பது தேங்காய் அறுபது பாதி. ஒரு பாதியை எத்தனை முறை திருப்பிப் பிடிக்கிறார் என்று அடுத்த கிழமை கடைக்கே போய் நின்று எண்ணினேன். இருபதுக்குக் குறையவில்லை. ஒரு காலைக்கு ஆயிரத்து இருநூறு தடவை, ஒரே பெருவிரல், ஒரே கோணம், விடியற்காலைக் குளிரில்.

ஆனால் பதினொரு வருடமாகத் திருவுகிறாரே, இப்போது ஏன்? அங்கேதான் முடிச்சு. பதினொரு வருடமாக அவர் திருவவில்லை. கடையில் மோட்டார் திருவலை இருந்தது. ஐப்பசி மழைக்குள் மின்சாரம் விட்டு விட்டு வந்து மோட்டார் எரிந்துபோனது. ‘திருத்தும் வரை’ என்று கைத்திருவலையைப் பூட்டினார்கள். திருத்தவே இல்லை. நோ தொடங்கியது அதற்கு மூன்று நான்கு வாரம் கழித்து. அந்த இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. திருவிய அன்றே நொந்திருந்தால் அக்காவே சொல்லியிருப்பார்.

இடைவெளி ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெருவிரலை விரிக்கும் தசைநாண் ஒன்று, நிமிர்த்தும் தசைநாண் ஒன்று. இரண்டும் நான் சொன்ன அந்த எலும்பு மேட்டின் மேல், ஒரே ஒடுக்கமான உறைக்குள்ளால் போகின்றன. மணிக்கட்டு நேராக இருந்தால் அவை கப்பியில் ஓடும் கயிறு போல வழுக்கிப் போகும். மணிக்கட்டு சின்னவிரல் பக்கம் சரிந்தால், அதே கயிறு கப்பியை விட்டு விலகிக் கிணற்றுக் கட்டின் விளிம்பில் உரசுகிறது. இங்கே கயிறு தேய்வதை விட, அது போகும் உறைதான் தடிக்கிறது. தடித்த உறை ஒடுங்குகிறது, ஒடுங்கினால் உரசல் கூடுகிறது. இது ஒரு நாளில் நடப்பதில்லை, ஓய்வெடுத்தால் ஒரு நாளில் போவதும் இல்லை. ‘ஞாயிறு லீவு எடுத்தேன், குறையவில்லை, ஆகவே வேலையால் இல்லை’ என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைக்குப் போனபோது இன்னொன்றையும் கண்டேன். அந்தச் சீமெந்து மேடை கொத்துரொட்டி போடும் ஆளின் உயரத்துக்குக் கட்டியது. அவர் ஆறடி. அக்கா ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு. திருவலையின் அலகு தரையிலிருந்து 112 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது. அக்கா நின்றபடி முழங்கையை மடித்தால் முழங்கை 95 இல். ஏறக்குறைய முக்கால் சாண் வித்தியாசம். முன்கை மேல்நோக்கிச் சரிந்து போக, பிடித்த கை கீழ்நோக்கி முறியாமல் தேங்காயைப் பிடிக்கவே வழியில்லை. அதே திருவலையைத் தாழ்ந்த வாங்கில் பூட்டி, கதிரையில் இருந்து, அலகு முழங்கை மட்டத்துக்கு வரத் திருவச் சொன்னேன். மணிக்கட்டு நேரானது. நோ முற்றாகப் போகவில்லை, ஆனால் வித்தியாசம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

இவ்வளவும் நல்ல ஊகம்தான். இந்த நோய் தையல்காரருக்கும் வருகிறது, இப்படி ஒரு வேலையும் செய்யாதவருக்கும் வருகிறது. எல்லோருக்கும் காரணம் வேலைதான் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருக்கு ஒரு வேலையால்தான் என்று காட்ட எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: அந்த ஒரு வேலையை மட்டும் நிறுத்தி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்யவிட்டுப் பார்ப்பது. எல்லா வேலையையும் நிறுத்தினால் யாருக்கும் நோ குறையும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

இரண்டு கிழமைக்குத் தேங்காய் திருவும் வேலையைக் காசுமேசைப் பையனிடம் கொடுத்தார்கள். இடியப்பம், கிளறுவது, தூக்குவது எல்லாம் அக்காவே. நோவுக்குப் பத்தில் எத்தனை என்று ஒவ்வோர் இரவும் எழுதச் சொன்னேன். “நோவுக்கு மார்க் போட நான் என்ன ரீச்சரா?” என்று மறுத்துவிட்டார். சரி, மூன்று காரியம்: இடக்கையால் கேத்தலைத் தூக்குவது, கைதுடைக்கும் துணியைப் பிழிவது, பிஸ்கட் தகரத்தின் மூடியைத் திறப்பது. முடிந்தால் கலண்டரில் ஒரு கோடு. இது பத்துக்கு மார்க் போடுவதை விட நல்ல முறை என்று இப்போது எல்லோருக்கும் இதையே சொல்கிறேன்.

முதல் ஐந்து நாள் கலண்டர் வெறுமை. ஆறாம் நாள் கேத்தலுக்கு ஒரு கோடு. பத்தாம் நாளிலிருந்து துணிக்கும். பதின்மூன்றாம் நாள் பையன் ஊருக்குப் போய்விட்டான், சொல்லாமல் கொள்ளாமல். அக்கா மூன்று நாள் திருவினார். இரண்டாம் நாளே துணிக்கோடு நின்றது, மூன்றாம் நாள் கேத்தலும் போனது. நானே திட்டமிட்டு அவரைத் திரும்ப நோகவிட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த மூன்று நாள் காட்டியதை எந்தப் படமும் காட்டியிருக்காது. நிறுத்தக் குறைந்தது, தொடங்க வந்தது, வேறொன்றும் மாறவில்லை. கலண்டர் தாளை முதலாளியிடம் காட்டினார். பிறகுதான் மோட்டார் திருத்தப் போனது.

பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துக்கடையில் விற்கும் சாதாரண மணிக்கட்டுப் பட்டி பெருவிரலை வெளியே விட்டுவிடும். இந்த நோவுக்கு அதனால் பயன் மிகக் குறைவு, பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டிதான் வேண்டும். நான் செய்து கொடுத்தது அந்த வகைதான், சூட்டில் இளகவைத்துக் கையின் வடிவுக்கு வளைக்கும் பிளாஸ்ரிக்கில். அக்கா கடமையாக அதைப் போட்டுக்கொண்டு பிட்டுப் பானையின் மேல் குனிந்து வேலை செய்தார். ஆவியில் பட்டி மறுபடி இளகி, கருவாட்டுத் துண்டு போல வளைந்து வந்து சேர்ந்தது. பிழை என்னுடையது. சமையல்காரருக்கு அது வேலை நேரத்துக்கு ஆகாது, வீட்டிலும் இரவிலும்தான்.

இனி உங்களிடம் வருகிறேன். நோவது எந்தக் கை என்று நீங்கள் எழுதவில்லை. அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு நோ தொடங்கிய நாளுக்கு முந்திய இரண்டு மாதத்தில் சமையலறையில் மாறியது என்ன என்று யோசியுங்கள்: உடைந்த மெசின், வேலையை விட்டுப் போன ஆள், புதிய பாத்திரம், இடம் மாற்றிய மேடை. ஆறு வருடமாகச் செய்யும் வேலையை விட ஏழெட்டு மாதத்துக்கு முன் தொடங்கிய வேலையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வீட்டில் யாரையாவது பார்க்கவிட்டு, வெறுங்கையால் ஒரு நாளைச் செய்து காட்டுங்கள். கை எங்கே தயங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும். பெருவிரலை மடக்கிக் கையை முறித்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நீங்களாகச் செய்யவேண்டாம். பலமாகச் செய்தால் நோயில்லாத கையும் நோகும்.

உங்கள் நோ அக்காவுடையது போல இல்லாமலும் இருக்கலாம். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து எழும்பிக் கையை உதறுகிறீர்கள் என்றால் அது நரம்பு நெருக்கப்படுவது, வேறு நோய். நோ மணிக்கட்டில் இல்லாமல் பெருவிரலின் அடி மூட்டில் ஆழமாக இருந்தால் மூட்டுத் தேய்வு இருக்கலாம். இரண்டு கையும் விடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், முதல் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் மறுபடி கிளினிக்குக்குப் போங்கள். மணிக்கட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே.

ஊசி போடலாமா என்று கேட்டீர்கள். அது அக்காவுடைய நோவாக இருந்தால், போடலாம் என்பது என் எண்ணம், ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு. உறைக்குள் சிறிதளவு ஸ்ரீரொயிட் மருந்து போடுவார்கள், பெரும்பாலானோருக்கு ஒன்றோ இரண்டோ போதும். திருவலையை மாற்றாமல் ஊசியை மட்டும் போட்டால், நோ தெரியாத கையால் இன்னும் பலமாக அழுத்துவீர்கள். சீனி வருத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும். சிலருக்கு அந்த உறைக்குள் நடுவே ஒரு தடுப்பு இருக்கும், மருந்து ஒரு பக்கத்துக்கே போகும், நோ நிற்காது. அப்படியானவர்களுக்கு உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவை உண்டு, அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து முடித்துவிடுவார்கள்.

அக்காவுக்கு மோட்டார் வந்த பிறகு நோ முக்கால்வாசி போய், மிச்சம் ஆனி கடைசியிலும் போகாமல் அப்படியே கிடந்தது. பிஸ்கட் தகரத்துக்குக் கோடே விழவில்லை. ஆடியில் ஊசி ஒன்று போட்டார்கள். மூன்றாம் கிழமை மூடி திறந்தது. ஊசி போட்ட இடத்தில் தோல் ஐந்து ரூபாய்க் குற்றியளவு வெளுத்துவிட்டது. நம் நிறத்தோலில் அது நன்றாகத் தெரியும், மங்க மாதக்கணக்கில் எடுக்கும், இதையும் முன்னரே தெரிந்துகொண்டு போங்கள். கடைக்கு வருகிறவர்கள் வெண்குட்டமா என்று கேட்கிறார்களாம். “இல்லை, தேங்காய்” என்கிறாராம் அக்கா.